எக்ஸ்பைரியைத் தேர்ந்தெடுக்கும் முன்: ஐ.வி.யின் கால அமைப்பையும் ஸ்கியூவையும் கொண்டு நிகழ்வு அபாயத்தை அளக்கும் முறை

தேர்தல் முடிவு, பட்ஜெட், ரிசர்வ் வங்கியின் வட்டி அறிவிப்பு என நாள் குறிக்கப்பட்ட ஒரு நிகழ்வு நெருங்கும்போது, கால் வாங்குவதா புட் வாங்குவதா என்று யோசிப்பவர்கள் எந்த எக்ஸ்பைரியில் வாங்குவது என்பதை அவ்வளவாக யோசிப்பதில்லை. பிரீமியம் குறைவாக இருக்கிறது என்பதற்காகவே அருகில் உள்ள எக்ஸ்பைரியை எடுத்துவிடுகிறார்கள். அந்த நிகழ்வுக்கென்று சந்தை தனியாக எவ்வளவு விலை வைத்திருக்கிறது, அந்த விலை எந்த எக்ஸ்பைரியில் எவ்வளவு செறிந்திருக்கிறது, அச்சம் ஒரு பக்கம் மட்டுமா இரு பக்கமுமா என்ற மூன்றையும் ஆப்ஷன் விலைகளிலிருந்தே கணக்கிட்டு எடுக்க முடியும். முதல் இரண்டுக்கும் ஐ.வி.யின் கால அமைப்பு, அதாவது ஆப்ஷன் விலையில் பொதிந்துள்ள ஏற்ற இறக்க மதிப்பீடு எக்ஸ்பைரிக்கு எக்ஸ்பைரி மாறும் விதம், விடை தருகிறது. மூன்றாவதற்கு ஸ்கியூ, அதாவது குறியீட்டுக்குக் கீழுள்ள புட்டின் ஐ.வி.க்கும் மேலுள்ள காலின் ஐ.வி.க்கும் உள்ள வித்தியாசம், விடை தருகிறது.

இதை விளக்க 2024 மக்களவைத் தேர்தல் முடிவை எடுத்துக்கொள்கிறேன். நிஃப்டியில் அப்போது வியாழக்கிழமை தோறும் வார எக்ஸ்பைரி இருந்ததால், நிகழ்வுக்கு முன்னும் பின்னும் எக்ஸ்பைரிகள் அமைந்து, கணக்கைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வாய்ப்பிருந்தது. இதில் வரும் நாட்களும் குறியீட்டு நிலைகளும் இந்தியா விக்ஸ் எண்களும் நடந்தவை. ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் நான் எழுதும் ஐ.வி. மட்டும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட எண். அன்று திரையில் இருந்த விலையின் பதிவு அல்ல.

முதல் படி: எந்த எக்ஸ்பைரிக்குள் எது விழுகிறது

2024 மே 24, வெள்ளிக்கிழமை மாலையில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நிஃப்டி அன்று 22,957.10 என்ற நிலையில் முடிந்தது. கணக்குக்கு 23,000 என்று கொள்வோம். வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் ஜூன் 1 சனிக்கிழமை மாலை வெளிவரும். வாக்கு எண்ணிக்கை ஜூன் 4 செவ்வாய்க்கிழமை. ஆகவே நிகழ்வு நாள் ஒன்றல்ல, இரண்டு: கணிப்புகளுக்குச் சந்தை பதில் சொல்லும் ஜூன் 3 திங்கள், முடிவுக்குப் பதில் சொல்லும் ஜூன் 4 செவ்வாய்.

அடுத்து, ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் எஞ்சியிருக்கும் வர்த்தக நாட்களை எண்ண வேண்டும். மே 30 எக்ஸ்பைரிக்கு 4 நாட்கள். அதற்குள் நிகழ்வு எதுவும் இல்லை. ஜூன் 6 எக்ஸ்பைரிக்கு 9 நாட்கள். இரண்டு நிகழ்வு நாட்களும் அதற்குள் அடங்கும். ஜூன் 27 மாத எக்ஸ்பைரிக்கு 23 நாட்கள். ஜூன் 17 பக்ரீத் விடுமுறை என்பதை மறந்தால் இந்த எண்ணிக்கை 24 ஆகிவிடும். விடுமுறைப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுவதே நல்லது. இந்தப் பட்டியலில் வேறு நிகழ்வுகளையும் குறித்து வைக்க வேண்டும். ஜூன் 7 ரிசர்வ் வங்கியின் அறிவிப்பும் ஜூன் 12 அமெரிக்க ஃபெடரல் ரிசர்வின் அறிவிப்பும் ஜூன் 27 எக்ஸ்பைரிக்குள் வருகின்றன, ஆனால் ஜூன் 6-க்குள் வரவில்லை. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

இரண்டாம் படி: நம்பத்தக்க ஐ.வி.யை எடுப்பது

ஆப்ஷன் செயின் திரையில் ஒரே ஸ்ட்ரைக்கின் காலுக்கு ஒரு ஐ.வி.யும் புட்டுக்கு வேறொரு ஐ.வி.யும் காட்டுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஐரோப்பிய வகை ஆப்ஷனான நிஃப்டியில் ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வேறுபாட்டுக்குப் பொதுவாக இரண்டு காரணங்கள் உண்டு: கணக்கில் அந்த எக்ஸ்பைரிக்குரிய ஃபார்வர்டு விலைக்குப் பதிலாக ஸ்பாட் விலை போடப்பட்டிருக்கலாம், அல்லது எப்போதோ நடந்த கடைசி வர்த்தக விலை எடுக்கப்பட்டிருக்கலாம். ஆகவே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவிலுள்ள விலையை எடுத்து, ஸ்பாட்டுக்கு அருகிலுள்ள ஒரு ஸ்ட்ரைக்கில் ஃபார்வர்டைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். குறுகிய காலத்துக்கு வட்டித் தள்ளுபடியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

```
F = K + (C - P)
```

K என்பது ஸ்ட்ரைக். C, P இரண்டும் அந்த ஸ்ட்ரைக்கின் கால், புட் விலைகள். கிடைக்கும் F-க்கு மிக அருகிலுள்ள ஸ்ட்ரைக்தான் அந்த எக்ஸ்பைரியின் உண்மையான ஏடிஎம். ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் இந்த F வேறுபடும் என்பதால், ஒரே ஸ்ட்ரைக்கை எல்லா எக்ஸ்பைரிக்கும் ஏடிஎம் என்று கொள்வது தவறு.

இந்தியா விக்ஸைப் பார்த்தாலே போதாதா என்று கேட்கலாம். விக்ஸ் என்பது நிஃப்டியின் அருகிலுள்ள மாத எக்ஸ்பைரியையும் அடுத்த மாத எக்ஸ்பைரியையும் கலந்து 30 நாட்களுக்குக் காட்டும் ஒற்றை எண். நமக்கு வேண்டியதோ அந்தக் கலவையைப் பிரித்துப் பார்ப்பது.

மூன்றாம் படி: நிகழ்வின் விலையைத் தனியே பிரிப்பது

ஐ.வி.களை நேரடியாகக் கூட்டவோ கழிக்கவோ கூடாது. கூட்டத்தக்கது வேரியன்ஸ், அதாவது பள்ளிக் கணக்கில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்தது. ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் மொத்த வேரியன்ஸை இப்படிக் கணக்கிடலாம்:

```
w = IV × IV × n / 252
```

IV சதவீதத்திலும், n வர்த்தக நாட்களிலும் இருக்க வேண்டும். திரை காட்டும் ஐ.வி. காலண்டர் நாட்களில் கணக்கிடப்பட்டிருந்தால், n-க்குப் பதில் காலண்டர் நாட்களையும் 252-க்குப் பதில் 365-ஐயும் போட்டு w-ஐக் கண்டுபிடித்து, அதன்பிறகே அதை வர்த்தக நாட்களுக்குப் பங்கிட வேண்டும். திரையின் ஐ.வி. ஒரு கடிகாரத்திலும் நம் n வேறொரு கடிகாரத்திலும் ஓடினால் விடை முழுவதும் பிசகிவிடும். நான் பார்த்த தவறுகளில் இதுவே அடிக்கடி நடப்பது.

மே 30-க்கு ஐ.வி. 16, ஜூன் 6-க்கு 28, ஜூன் 27-க்கு 21 என்று கொள்வோம். மூன்றின் w முறையே 4.06, 28.00, 40.25. நிகழ்வுக்கு முந்தைய எக்ஸ்பைரி தாழ்ந்தும், நிகழ்வை உள்ளடக்கிய முதல் எக்ஸ்பைரி உயர்ந்தும், அதற்குப் பிந்தியது இறங்கியும் இருக்கும் இந்த மேடுதான் நாள் குறிக்கப்பட்ட நிகழ்வின் அடையாளம். நாள் தெரியாத பொதுவான பதற்றமாக இருந்தால் மிக அருகிலுள்ள எக்ஸ்பைரியே எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்கும்.

இனி சாதாரண நாளின் விலையைக் காண்போம். ஜூன் 6-க்கும் 27-க்கும் இடையே 14 வர்த்தக நாட்கள். அவற்றின் வேரியன்ஸ் 40.25 − 28.00 = 12.25. ஒரு நாளைக்கு 0.875, ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 15 ஐ.வி. அடுத்து, மே 30-க்கும் ஜூன் 6-க்கும் இடைப்பட்ட 5 நாட்களுக்குச் சந்தை வைத்துள்ள வேரியன்ஸ் 28.00 − 4.06 = 23.94. அந்த ஐந்து நாட்களும் சாதாரணமாக இருந்தால் 4.38 மட்டுமே தேவைப்பட்டிருக்கும். மிச்சமுள்ள 19.56 நிகழ்வுக்கென்று தனியாக வைக்கப்பட்ட விலை. அதன் வர்க்கமூலம் 4.4. அதாவது, தேர்தலால் மட்டும் நிஃப்டி ஏதேனும் ஒரு பக்கம் 4.4 சதவீதத் திட்ட விலக்கத்துக்கு நகரக்கூடும் என்று சந்தை மதிப்பிட்டிருக்கிறது.

இந்த எண்ணுக்குள் ஜூன் 3-இன் பங்கு எவ்வளவு, ஜூன் 4-இன் பங்கு எவ்வளவு என்று இதிலிருந்து பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் இடையில் எக்ஸ்பைரி இல்லை. இன்னொரு வரம்பும் உண்டு. ஜூன் 7, 12 தேதிகளின் அறிவிப்புகள் அந்த 14 நாட்களுக்குள் வருவதால், 0.875 என்ற அடிப்படை சற்று மிகையாகவும் அதனால் நிகழ்வின் விலை சற்றுக் குறைவாகவும் வந்திருக்கும். ஆனால் ஜூன் 27-இன் ஐ.வி.யை ஒரு புள்ளி தவறாக, 22 என்று எடுத்திருந்தாலும் 4.4 என்பது 4.3 ஆகத்தான் மாறும். ஜூன் 6-இன் ஐ.வி.யை 29 என்று எடுத்தால் அது 4.7 ஆகிவிடும். எனவே கவனத்தை எல்லாம் நிகழ்வு எக்ஸ்பைரியின் ஐ.வி.யைத் துல்லியமாக எடுப்பதில் செலுத்த வேண்டும். எங்காவது பின்னுள்ள எக்ஸ்பைரியின் w முன்னுள்ளதைவிடக் குறைவாக வந்தால், அதை வாய்ப்பு என்று எண்ணாமல், எடுத்த விலை பழையது என்றோ நாட்களை எண்ணியதில் தவறு என்றோ முதலில் ஐயப்பட வேண்டும்.

இந்தக் கணக்கு இன்னொரு மயக்கத்தையும் தீர்க்கிறது. மே 31 மாலை வரை புதிய செய்தி ஒன்றும் வரவில்லை, சந்தையின் மதிப்பீடும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஜூன் 6 எக்ஸ்பைரியில் எஞ்சியிருப்பவை 4 நாட்கள். எஞ்சிய வேரியன்ஸ் 19.56-உடன் நான்கு சாதாரண நாட்களின் 3.50 சேர்ந்து 23.06. இதை ஐ.வி.யாக மாற்றினால் 38 வருகிறது. ஒரு வாரத்தில் ஐ.வி. 28-லிருந்து 38-க்கு ஏறியிருக்கிறது, ஆனால் அச்சம் இம்மியும் கூடவில்லை. அதே நிகழ்வு குறைந்த நாட்களுக்குள் அடங்கியிருப்பதால் சராசரி ஏறியிருக்கிறது, அவ்வளவே. ஐ.வி. ஏறுகிறது என்பதைக் கண்டு யாரோ எதையோ அறிந்து வாங்குகிறார்கள் என்று முடிவுகட்டும் முன், இந்தக் கணக்குப்படி ஏற வேண்டிய அளவைத் தாண்டி ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்காம் படி: அச்சம் எந்தப் பக்கம்

கால அமைப்பு நிகழ்வின் அளவைச் சொல்லும், பக்கத்தைச் சொல்லாது. அதற்கு ஒவ்வொரு எக்ஸ்பைரியிலும் 25 டெல்டா புட்டின் ஐ.வி.யிலிருந்து 25 டெல்டா காலின் ஐ.வி.யைக் கழிக்க வேண்டும். டெல்டா திரையில் இல்லையென்றால், F-இலிருந்து w-இன் வர்க்கமூலத்தில் 0.67 பங்கு தூரம் என்ற தோராயம் போதும். ஜூன் 6-க்கு வர்க்கமூலம் 5.3, அதில் 0.67 பங்கு 3.5 சதவீதம். ஆகவே 22,200 புட்டும் 23,800 காலும். ஜூன் 27-க்கு 4.25 சதவீதம், 22,000 புட்டும் 24,000 காலும். இரண்டு எக்ஸ்பைரியிலும் ஒரே ஸ்ட்ரைக்கை ஒப்பிட்டால், குறுகிய எக்ஸ்பைரியில் அது மிகத் தொலைவான ஸ்ட்ரைக்காக இருக்கும் என்பதால் ஸ்கியூ எப்போதும் செங்குத்தாகவே தெரியும். அது பொய்த் தோற்றம்.

ஜூன் 6-இல் புட் 30.5, கால் 27 என்றும், ஜூன் 27-இல் புட் 23.5, கால் 19.5 என்றும் கொள்வோம். வித்தியாசம் முறையே 3.5, 4. இவற்றை அந்தந்த ஏடிஎம் ஐ.வி.யால் வகுத்தால்தான் ஒப்பிட முடியும்: 28-இல் 3.5 என்பது 12.5 சதவீதம், 21-இல் 4 என்பது 19 சதவீதம்.

குறியீட்டு ஆப்ஷன்களில் புட் ஐ.வி. காலைவிட உயர்ந்திருப்பது வழக்கமான நிலை. பங்குகளைக் கையில் வைத்திருப்போர் காப்புக்காக இடைவிடாமல் புட் வாங்குவதே அதற்கு முக்கியக் காரணம். ஆகவே புட் விலை உயர்ந்திருக்கிறது என்பது மட்டும் செய்தி அல்ல. நிகழ்வு எக்ஸ்பைரியின் ஸ்கியூ அடுத்த எக்ஸ்பைரியின் ஸ்கியூவைவிட ஒப்பளவில் செங்குத்தா, தட்டையா என்பதே செய்தி. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது தட்டையாக இருக்கிறது. கால் பக்கமும் ஏறக்குறைய அதே வேகத்தில் விலை ஏறியிருப்பதால், சந்தை இதை வீழ்ச்சி அபாயமாக மட்டும் பார்க்கவில்லை. எந்தப் பக்கமும் பெரிதாக நகரும் நிகழ்வாகப் பார்க்கிறது. இதற்கு மாறாக ஜூன் 6-இல் விகிதம் 25 சதவீதமாக இருந்திருந்தால், அந்த எக்ஸ்பைரியில் புட் வாங்குபவர் நிகழ்வுக்கு ஒரு விலையும் பக்கத்துக்கு இன்னொரு விலையும் கொடுக்கிறார் என்று பொருள். தொலைவான ஒரு புட்டை விற்று ஸ்பிரெட்டாக்கினால் அந்த இரண்டாவது விலையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். தட்டையான ஸ்கியூவில் அந்த ஆதாயம் சிறிது.

ஸ்கியூ திசையை முன்கூட்டிச் சொல்லும் கருவி என்று நான் கருதவில்லை. காப்பு எந்தப் பக்கம் மலிவு, எந்தப் பக்கம் விலை அதிகம் என்பதை மட்டுமே அது சொல்லும். எக்ஸ்பைரியைத் தேர்ந்தெடுக்க அதுவே போதும்.

ஐந்தாம் படி: எக்ஸ்பைரிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது

மே 30 எக்ஸ்பைரி தேர்தலுக்கு ஒன்றும் தராது என்பது வெளிப்படை. போட்டி ஜூன் 6-க்கும் 27-க்கும் இடையில்தான். முதலாவதில் மொத்த வேரியன்ஸில் 70 சதவீதம் நிகழ்வினுடையது. இரண்டாவதில் ஏறத்தாழ 49 சதவீதம். இது ரூபாயில் எப்படித் தெரியும் என்று பார்ப்போம். ஏடிஎம் ஸ்ட்ரைக்கில் காலையும் புட்டையும் சேர்த்து வாங்கும் ஸ்ட்ராடிலின் விலை, குறியீட்டை w-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி அதில் 0.8 பங்கு என்பது நல்ல தோராயம். 23,000 ஸ்ட்ரைக்கில் ஜூன் 6 ஸ்ட்ராடில் சுமார் 973 புள்ளிகள், ஜூன் 27 ஸ்ட்ராடில் சுமார் 1,167 புள்ளிகள்.

ஜூன் 4 மாலை நிஃப்டி 23,000-இலேயே நின்றுவிட்டதாகக் கொள்வோம். ஜூன் 6-இல் எஞ்சியவை 2 சாதாரண நாட்கள். ஸ்ட்ராடில் சுமார் 243 புள்ளிகளாகச் சுருங்கி, 730 புள்ளிகள் இழப்பு. ஜூன் 27-இல் எஞ்சியவை 16 நாட்கள். விலை சுமார் 688, இழப்பு 479. அதே மாலை நிஃப்டி 6 சதவீதம் நகர்ந்திருந்தால், ஜூன் 6 ஸ்ட்ராடிலில் உள்ளார்ந்த மதிப்பான 1,380 மட்டுமே இருக்கும், லாபம் 407. ஜூன் 27-இல் அதோடு சுமார் 40 புள்ளி கால மதிப்பும் சேர்ந்து லாபம் 253.

ஆக, நிகழ்வு எக்ஸ்பைரி கூர்மையான கருவி: சந்தை வைத்த விலையைவிட நகர்வு பெரிது என்று திட்டமாக நம்புகிறவருக்கு உரியது. நகர்வு எவ்வளவு என்று தெரியாமல், இருக்கும் பங்குகளுக்குக் காப்பு மட்டும் தேடுகிறவருக்கு 194 புள்ளிகள் கூடுதலாகக் கொடுத்து ஜூன் 27-ஐ எடுப்பதே என் பார்வையில் சரி. நிகழ்வு ஒன்றுமில்லாமல் போனாலும் அவர் கையில் 688 புள்ளி மதிப்பு மிஞ்சும். நிகழ்வுக்கு அடுத்த நாட்களில் நடப்பவற்றுக்கும் காப்பு நீடிக்கும்.

அந்த அடுத்த நாட்கள் எவ்வளவு முக்கியம் என்பதை நடந்ததே காட்டுகிறது. ஜூன் 4 அன்று நிஃப்டி 21,884.50-இல் முடிந்தது. 23,000 ஸ்ட்ராடிலின் உள்ளார்ந்த மதிப்பு அன்று மாலை 1,115 புள்ளிகள்; 973 கொடுத்து வாங்கியவருக்கு லாபம். ஜூன் 6 எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 22,821.40-இல் முடிந்தபோது அதே ஸ்ட்ராடிலுக்குக் கிடைத்தது 179 புள்ளிகள் மட்டுமே. நிகழ்வு எக்ஸ்பைரியை எடுப்பவர், எந்த எக்ஸ்பைரி என்பதோடு எந்த மாலையில் வெளியேறுவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்க வேண்டும்.

இந்த முறை எல்லா இடத்திலும் இவ்வளவு நன்றாகப் பிரியாது. 2024 நவம்பரிலிருந்து பேங்க் நிஃப்டிக்கு வார எக்ஸ்பைரி இல்லை. தனிப் பங்குகளுக்கு எப்போதும் மாத எக்ஸ்பைரி மட்டுமே. அங்கே நிகழ்வுக்கு முன்னும் பின்னும் நெருக்கமான எக்ஸ்பைரிகள் கிடைக்காததால் அடிப்படை விலையை ஊகித்தே ஆக வேண்டும், நிகழ்வின் விலையும் அந்த அளவுக்கு மங்கலாகும். நிஃப்டியின் வார எக்ஸ்பைரி 2025 செப்டம்பரிலிருந்து செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டதால், நாட்களைப் புதிதாகவே எண்ண வேண்டும்.

ஆறாம் படி: செய்தி வந்ததும் மறுபடி கணக்கிடுவது

நிகழ்வு இரண்டு கட்டமாக வரும்போது, முதல் கட்டம் முடிந்த மாலையில் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். கருத்துக்கணிப்புகள் பெரும் பெரும்பான்மையைச் சொன்னதால் ஜூன் 3 அன்று நிஃப்டி 3.25 சதவீதம் ஏறி 23,263.90-இல் முடிந்தது, இந்தியா விக்ஸ் 24.60-லிருந்து 20.94-க்கு இறங்கியது. வாக்குகள் இன்னும் எண்ணப்படவில்லை, ஆனால் நிகழ்வின் ஒரு பகுதி கடந்துவிட்டது போலச் சந்தை விலை வைத்தது. கணக்கில் இதைப் பார்க்கலாம். விக்ஸ் 20.94 என்றால் 30 காலண்டர் நாட்களுக்கான வேரியன்ஸ்:

```
20.94 × 20.94 × 30 / 365 = 36.0
```

ஒரு மாதம் முழுவதற்கும் வைத்த விலையே 36 என்றால், அதில் சாதாரண நாட்களின் பங்கைக் கழித்த பின் ஜூன் 4-க்கு எவ்வளவு மிஞ்சும் என்று அன்று மாலை பார்த்திருக்க முடியும். முந்தைய அடிப்படை விலையான நாளுக்கு 0.875-ஐயே வைத்து, ஏறத்தாழ 20 வர்த்தக நாட்களுக்குக் கழித்தால் சுமார் 18.5 மிஞ்சுகிறது. ஒரு நாள் நகர்வாக அது 4.3 சதவீதம். மறுநாள் நிஃப்டி 5.93 சதவீதம் வீழ்ந்தது. அதன் வர்க்கம் 35.2. முப்பது நாட்களுக்குப் போட்டிருந்த வேரியன்ஸ் ஏறக்குறைய முழுவதும் ஒரே நாளில் செலவாயிற்று, அன்று மாலை விக்ஸ் 26.75-இல் நின்றது. முதல் கட்டம் நல்லபடியாக முடிந்தது என்று ஜூன் 3 அன்று காப்பைக் கலைத்தவர், இரண்டாம் கட்டத்தின் காப்பை அதன் விலை இறங்கியிருந்த மாலையிலேயே கைவிட்டிருக்கிறார். ஜூன் 27 புட்டை வைத்துக்கொண்டிருந்தவர் நிஃப்டியின் ஏற்றத்தாலும் ஐ.வி. இறக்கத்தாலும் அன்று இழந்திருந்தாலும், மறுநாள் நிஃப்டி வீழ்ந்ததையும் ஐ.வி. ஏறியதையும் சேர்த்தே பெற்றார்.